பழைய நோட்டீஸ் ஸ்கேன்ல எழுத்து மட்டும் மாத்தணும், பேப்பர் அப்படியே இருக்கணும்

எங்க ஊர் அம்மன் கோயில் திருவிழாவோட பழைய மஞ்சள் நோட்டீஸ் ஒண்ணு 600 டிபிஐல ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன், அதே தோற்றத்துல இந்த வருஷ நோட்டீஸ் போடணும்னு பெரியவங்க ஆசைப்படுறாங்க, தேதியும் உபயதாரர் பேரும்தான் மாறணும். ஜிம்ப்ல ஹீல் டூல் வச்சு பழைய எழுத்தை அழிச்சா மத்த இடம் எல்லாம் ஓகே, ஆனா தேதி மேல மடிப்புக் கோடு போற இடம் மட்டும் வழவழன்னு ஆயிடுது, குளோன் டூல்ல பக்கத்து பேப்பரை எடுத்து ஒட்டினா மடிப்பு துண்டாகுது.

புது எழுத்தை தனி லேயர்ல மல்டிப்ளை மோடுல வச்சு, மெஷர் டூல்ல பழைய வரியோட சாய்வைப் பார்த்து 1.5 டிகிரி திருப்பி லேசா பிளர் பண்ணிட்டேன், சாய்வு கச்சிதமா உக்காந்துடுச்சு. ஆனா பழைய எழுத்து அடர் பழுப்பா, உள்ள புள்ளி புள்ளியா மை விட்டுப்போயிருக்கு, என்னோடது கன்னங்கரேல்னு தனியா தெரியுது. அந்த மை விட்ட புள்ளிகளை லேயர் மாஸ்க்ல எப்படிக் கொண்டு வர்றது, மடிப்பை எப்படி ஒட்டு தெரியாம சேர்க்குறது? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.