வைரஸ் நெஞ்சுச்சளி போய் வாரக்கணக்காகியும் மூச்சு முட்டுது: எந்த டெஸ்ட் தேவை, மூச்சுப் பயிற்சி எப்படி?

கரூர்க்காரி
என் தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 34, பள்ளி ஆசிரியை. ஃப்ளூ வந்து நெஞ்சில் இறங்கி, காய்ச்சல் போய் எட்டு வாரம் ஆகிறது. இருமல் நின்றுவிட்டது, மூச்சு மட்டும் சரியாகவில்லை. ஒரு மாடி ஏறினால் நின்று வாங்குகிறாள். அதைவிடத் தொல்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே "மூச்சு முழுசா இறங்க மாட்டேங்குது" என்று கொட்டாவியும் பெருமூச்சுமாக இருக்கிறாள். உதடு, விரல் நுனி மரத்துப்போகுதாம். எக்ஸ்ரே, ஈசிஜி நார்மல். ஆக்சிமீட்டர் 98, 99. வீட்டில் எல்லோரும் சிடி எடுக்கச் சொல்கிறார்கள். இப்படிப்பட்டவர்களைப் பார்த்தவர்கள், வைத்தியம் செய்தவர்கள் சொல்லுங்கள்.

மூணுபந்து
நுரையீரல் சுருங்கியிருக்கும்ங்க. கொரோனா சமயத்துல எல்லாரும் வாங்கினோமே, மூணு பந்து இருக்கிற உறிஞ்சுற கருவி, அது இருந்தா எடுங்க. நல்லா இழுத்து மூணு பந்தையும் மேல நிறுத்தணும். ஒரு மணிக்கு ஒரு தடவை, இருபது இழுப்பு. கூடவே கபாலபாதி. நுரையீரல் விரிஞ்சா மூச்சு தானா வந்துரும்.

பிசியோ அக்கா
தம்பி, அந்தக் கருவி வயிற்றிலோ நெஞ்சிலோ ஆபரேஷன் ஆகி, வலியால் ஆழமாக இழுக்க முடியாமல் படுத்திருப்பவர்களுக்குக் கொடுப்பது. அங்கே அதற்கு இடம் உண்டு. கரூர்க்காரி சொல்கிற ஆளுக்கு அது நேர் எதிர் வேலை செய்யும்.

கொட்டாவி, பெருமூச்சு, உதடு மரப்பு, ஆக்சிஜன் 99. இந்த நான்கும் ஒன்றாக வந்தால் மூச்சு குறைவாக இல்லை, கூடுதலாகப் போகிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். காய்ச்சலும் இருமலும் இருந்தபோது வாய் திறந்து, மேல் நெஞ்சாலே, வேகமாக மூச்சு விட்டிருப்பார். அப்போது அது தேவை. நோய் போன பிறகும் உடம்பு அதே பழக்கத்தில் நின்றுவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் கூடுதல் மூச்சு எதையும் சேர்ப்பதில்லை. கார்பன்டை ஆக்சைடைத்தான் அளவுக்கு மேல் வெளியேற்றுகிறது. மரப்பும் கிறுகிறுப்பும் அதனால் வருவது.

"இறங்க மாட்டேங்குது" என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முந்தைய மூச்சை முழுதாக வெளியே விடாமலே அடுத்ததை இழுக்கிறார்கள். பாதி நிரம்பிய நுரையீரலில் இன்னும் எவ்வளவு இறங்கும்? கிடைக்கவில்லை என்று மேலும் பெரிதாக இழுப்பார்கள், நிலைமை இன்னும் மோசமாகும். மூணு பந்தும் கபாலபாதியும் இந்தச் சுழலுக்குத்தான் தீனி போடும்.

ஆனால் பார்த்தவுடன் இப்படி முடிவு கட்டக் கூடாது. என்னிடம் வருபவர்களை, வேறு காரணங்களை டாக்டர் பார்த்துவிட்டாரா என்று கேட்காமல் பயிற்சியில் போடுவதில்லை.

நெஞ்சுநோய்_மதுரை
டெஸ்ட் பற்றி நான் சொல்கிறேன். உட்கார்ந்த நிலையில் 98 என்பது பாதிச் செய்திதான். நடக்கும்போது இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டிலேயே செய்யலாம். கை வைக்காத சாதாரண நாற்காலி, விரலில் ஆக்சிமீட்டர், பக்கத்தில் ஒருவர். கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் முழுக்க எழுந்து எழுந்து உட்கார வேண்டும். அந்த நிமிடத்திலும் அடுத்த நிமிடத்திலும் வந்த மிகக் குறைந்த எண்ணைக் குறியுங்கள். மூன்று புள்ளியோ அதற்கு மேலோ இறங்கி அப்படியே நின்றால் நுரையீரலை மேலும் பார்க்க வேண்டும். நகப்பூச்சு, சில்லிட்ட விரல், கை ஆட்டம் எல்லாம் பொய் எண் காட்டும். கருத்த தோலில் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம், அதனால் தனி எண்ணைவிட இறக்கத்தைப் பாருங்கள். உட்கார்ந்தே 94க்குக் கீழ் இருந்தாலோ நெஞ்சு வலி இருந்தாலோ இந்தச் சோதனை வேண்டாம், நேராக மருத்துவமனை.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு. நம் ஊர்ப் பெண்களிடம் ஹீமோகுளோபினைப் பார்க்காமல் மூச்சுத் திணறலைப் பற்றிப் பேசவே கூடாது. அடுத்து ஸ்பைரோமெட்ரி, அதாவது வேகமாக ஊதிப் பார்க்கும் பரிசோதனை. ஊதிவிட்டு, சால்பூட்டமால் இன்ஹேலர் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத வேண்டும். 12 சதவீதமும் 200 மில்லியும் சேர்ந்து கூடினால் ஆஸ்துமா பக்கம் யோசிப்போம். வைரஸுக்குப் பிறகு ஒளிந்திருந்த ஆஸ்துமா தலைகாட்டுவது சாதாரணம். ஒருமுறை நார்மல் என்றாலும் அது இல்லை என்று ஆகாது. இரவில் விசில் சத்தமோ இருமலோ இருந்தால் பீக் ஃப்ளோ மீட்டரில் இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதி எழுதி வரச் சொல்வேன்.

ரத்தக்கட்டி சந்தேகத்துக்கு எடுக்கும் டி-டைமர் டெஸ்டைச் சும்மா எடுக்காதீர்கள். தொற்றுக்குப் பிறகு அது கொஞ்ச நாள் கூடுதலாகவே இருக்கலாம். கூடுதல் என்றதும் பயந்து சிடி, அதில் ஏதோ ஒரு சின்னப் புள்ளி, அதற்கு ஒரு வருடம் அலைச்சல். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு இழுத்தால் குத்தும் வலியோ, இருமலில் ரத்தமோ இருந்தால் கதை வேறு, அன்றைக்கே பார்க்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டினாலோ கால் இரண்டும் வீங்கினாலோ இதயத்துக்கு எக்கோ ஸ்கேன். இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் சளியை டிபிக்குச் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

ஈரோட்டு மாமா
எங்க அப்பாவுக்கும் இதேதான். நாப்பது வருசம் பீடி. இன்ஹேலர் எடுத்துக்கிட்டுதான் இருக்காரு, போன மாசம் சளி புடிச்சதுல இருந்து வாசல் வரைக்கும் நடக்க முடியல. அக்கா சொல்ற பயிற்சியப் பண்ணா இன்ஹேலர நிறுத்திரலாமா?

நெஞ்சுநோய்_மதுரை
இது வேறு நோய், மாமா. இன்ஹேலரை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். சளிக்குப் பிறகு இவ்வளவு மோசமானால் நேரில் காட்டியாக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

பிசியோ அக்கா
அவருக்கு உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுவது, மேசையில் கை ஊன்றிச் சற்று முன்னால் சாய்ந்து நிற்பது இரண்டும் உதவும். மற்றதை இங்கே கலக்க வேண்டாம்.

கரூர்க்காரி
டாக்டர் சொன்னபடி செய்து பார்த்தோம். ஆக்சிமீட்டர் 98இலிருந்து 97, அதற்குக் கீழே போகவில்லை. நாடித்துடிப்பு 90இலிருந்து 124 ஆனது. ஸ்பைரோமெட்ரி, தைராய்டு நார்மல். ஹீமோகுளோபின் 9.6. அப்படியென்றால் ரத்தம்தான் காரணமா? இனி பயிற்சி தேவையில்லையா?

நெஞ்சுநோய்_மதுரை
மாடி ஏறும்போது வாங்குவதற்கும் நாடி 124க்குப் போவதற்கும் 9.6 ஒரு காரணமாக இருக்கலாம். வாரக்கணக்கில் படுத்திருந்ததில் உடம்பின் தெம்பும் இறங்கியிருக்கும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்து, மாதவிடாய் அதிகமா என்று கேட்டு, இரும்பு மாத்திரை தொடங்கச் சொல்லுங்கள். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். ஆனால் உட்கார்ந்திருக்கும்போது வரும் கொட்டாவியும் உதடு மரப்பும் ரத்தசோகையோடு பொருந்தவில்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிசியோ அக்கா
சரி, பயிற்சி. முதலில் ஒரு விஷயம், இதைச் சொல்லாமல் விட்டால் மற்றது எதுவும் நடக்காது. பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொல்லுங்கள். இடுப்பை இறுக்கிக் கட்டினால் வயிறு அசைய இடமில்லை, மூச்சு மேல் நெஞ்சுக்குத்தான் போகும். பெண்கள் பலரிடம் இதுவே பாதிப் பிரச்சினை.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலைக்கும் முழங்காலுக்கும் அடியில் தலையணை. ஒரு கை நெஞ்சின் மேல், இன்னொன்று தொப்புள் மேல். வாய் மூடியிருக்க வேண்டும். மூச்சை இழுப்பதில் தொடங்காதீர்கள், விடுவதில் தொடங்குங்கள். மூக்கு வழியாகத் தளர்வாக விட்டால் வயிறு தானே கீழே போகும். ஒரு நொடி காத்திருங்கள். அடுத்த மூச்சு தானாக வரட்டும், சின்னதாக. தொப்புள் மேல் இருக்கும் கை லேசாக எழ வேண்டும், நெஞ்சில் இருப்பது அசையவே கூடாது. எண்ணுவதென்றால் உள்ளே இரண்டு, வெளியே மூன்று, நிறுத்தம் ஒன்று. பத்து நிமிடம், காலையும் மாலையும், சாப்பிட்ட உடனே அல்லாமல்.

எங்கே தப்பும்? வயிற்றுத் தசையை வேண்டுமென்றே முட்டித் தள்ளுவார்கள், அது மூச்சல்ல. இன்னும் சிலர் "மெதுவாக" என்றதும் பெரிதாக இழுப்பார்கள். தலை கிறுகிறுத்தால் மூச்சு இன்னும் பெரிதாகவே இருக்கிறது என்று அர்த்தம். முதல் சில நாள் "போதவில்லை, இன்னும் இழு" என்று உடம்பு கெஞ்சும். பெரும்பாலானோர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். குறைந்த கார்பன்டை ஆக்சைடுக்குப் பழகிப்போன உடம்பு, அது பழைய அளவுக்கு ஏறும்போது முரண்டு பிடிக்கிறது. கெஞ்சல் லேசாக இருக்கும் அளவில் தங்கினால் போதும், அடக்கிச் சாதிக்கிற போட்டி இல்லை. பெருமூச்சு வரும்போல் இருந்தால் ஒருமுறை எச்சில் விழுங்கிவிட்டுச் சின்ன மூச்சுக்குத் திரும்பச் சொல்லுங்கள்.

படுத்தபடி எளிதானால் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்து. படியில் ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்களா பாருங்கள், நிறைய பேர் பிடிக்கிறார்கள். காலை ஊன்றி ஏறும்போது மூச்சை விட வேண்டும்.

இவர் ஆசிரியை என்பதால் இன்னொன்றும் உண்டு. வகுப்பில் ஒரே மூச்சில் நீளமாகப் பேசிவிட்டு, கடைசியில் வாயால் "ஹப்" என்று இழுப்பார். ஒரு பாடத்தை எடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முற்றுப்புள்ளியில் வாயை மூடி, மூக்கால் சின்ன மூச்சு, பிறகு அடுத்த வாக்கியம். மூக்கடைப்பு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் இது நடக்காது.

ஸ்கேன் அறை
எல்லாம் சரி. ஆனா எக்ஸ்ரே சுத்தமா இருந்தும் சிடியில நுரையீரல்ல படலம் தெரிஞ்ச ஆட்கள நான் பார்த்திருக்கேன். ஒரு தடவை எடுத்துட்டா நிம்மதிதானே?

நெஞ்சுநோய்_மதுரை
நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களில் பலருக்கு நடந்தால் ஆக்சிஜன் இறங்கியது, அல்லது முதுகில் ஸ்டெத் வைத்தால் சரசரப்பு கேட்டது. இரண்டும் இல்லாதபோது நான் சிடி கேட்பதில்லை. வாயு பரிமாற்றத்தை அளக்கும் டெஸ்ட் கிடைக்கும் ஊராக இருந்தால் முதலில் அதைச் செய்வேன். சில சக மருத்துவர்கள் மூன்று மாதம் ஆனாலே எடுக்கச் சொல்கிறார்கள், அதையும் தவறு என்று சொல்ல மாட்டேன்.

மூணுபந்து
கபாலபாதிய விட்டுர்றேன். ஆனா நாடி சுத்தி நல்லதுதானே?

பிசியோ அக்கா
இழுத்துப் பிடிக்காமல், சத்தம் வராமல், மெதுவாகச் செய்தால் கெடுதலில்லை. மூச்சை அடக்கி நிறுத்தும் கும்பகம் இப்போதைக்கு வேண்டாம்.

கரூர்க்காரி
எத்தனை நாளில் தெரியும்? நடைப்பயிற்சியும் சேர்க்கலாமா?

பிசியோ அக்கா
கொட்டாவியும் மரப்பும் முதலில் குறையும், மூன்று வாரத்தில் ஏதாவது அசைவு தெரிய வேண்டும். முழுப் பழக்கமும் மாற இரண்டு மூன்று மாதம் ஆகலாம். நடக்கலாம், வாய் மூடி நடக்க முடிகிற வேகத்தில். நடந்த மறுநாள் அடித்துப்போட்டாற்போல் படுத்துவிட்டால் தூரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது. ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் என்னிடம் வராதீர்கள், மறுபடி டாக்டரிடம் போங்கள்.

கரூர்க்காரி
நாடாவைச் சொன்னதும் சிரித்தாள், ஆனால் தளர்த்திவிட்டாள். ஃபெரிட்டின் ரிசல்ட் நாளை வரும். சிடி பற்றி வீட்டில் இன்னும் வாக்குவாதம்தான்.