எக்ஸ்பைரி நெருங்கும்போது கரையும் பிரீமியம் யார் பைக்குப் போகிறது?

தறிக்காரன்: நிஃப்டி நின்ன இடத்துலயே நிக்குது. நான் வாங்கி வெச்ச கால் ஆப்ஷன் மட்டும் கரைஞ்சுக்கிட்டே வருது. மாச ஆரம்பத்துல இவ்வளவு வேகம் இல்லையே, உங்களுக்கும் இப்படித்தானா?

பவானிக்கரை: எல்லாருக்கும் அப்படித்தான் தம்பி. நிஃப்டி 24,000, ஐவி, அதாவது சந்தை எதிர்பார்க்கிற ஏற்ற இறக்கம், 13, ரெண்டும் அசையலைன்னு வெச்சு நான் போட்ட கணக்கு இது. ஏடிஎம், அதாவது இப்போதைய நிஃப்டியை ஒட்டின ஸ்ட்ரைக் ஆப்ஷன், 30 நாள் இருக்கும்போது சுமார் 358 ரூபா, 20 நாள்ல 292, 10 நாள்ல 207. முதல் பத்து நாள்ல போறது 66, அடுத்த பத்துல 85, மிச்சம் மொத்தமும் கடைசிப் பத்துல. சந்தை நகரக்கூடிய தூரம் நாளோட வர்க்கமூலத்தை ஒட்டித்தான் கூடும். நாலு மடங்கு நாள் கொடுத்தாலும் ரெண்டு மடங்கு தூரம்தான். அதனால முப்பதுல ஒரு நாள் குறைஞ்சா சுமார் ஆறு ரூபாதான் போகும். ரெண்டு நாள்ல ஒண்ணு குறைஞ்சா 92 ரூபா 65 ஆயிடும். இந்த நாள் கரைவைத்தான் தீட்டாங்கிறோம்.

செல்லர் சிங்கம்: அதான் சொல்றேன், எக்ஸ்பைரி வாரத்துல தூர ஸ்ட்ரைக்கா பார்த்து வித்துட்டு நிம்மதியா தூங்கணும்.

பவானிக்கரை: கடைசியில வேகம் எடுக்கிறது ஏடிஎம்தான். தூர ஸ்ட்ரைக் முன்னாடியே வத்திப் போயிருக்கும். அந்த வாரத்துல மூணு நாலு ரூபாய்க்காக அவ்வளவு மார்ஜினை அடைச்சு உக்காரணும்.

மலர்விழி: ஸ்டாக் கால் ஆப்ஷன் ஐடிஎம்-ல, அதாவது பங்கு விலை ஸ்ட்ரைக்கைத் தாண்டி முடிஞ்சா பங்கையே டெலிவரி எடுக்கணுமே, அதுவும் தீட்டாவாலயா? என் வீட்டுக்காரர் பணம் புரட்ட அலைஞ்சார்.

பவானிக்கரை: இல்லம்மா, அது செட்டில்மென்ட் விதி. வேற சங்கதி.

கொங்கு மச்சான்: 2024 தேர்தல் முடிவு ஞாபகம் இருக்கா? என் பங்காளி 22,500 புட் வித்திருந்தார், நிஃப்டி அதுக்குக் கீழ இறங்கினா அவருக்கு அடி. ஜூன் 3 நிஃப்டி 23,264, எக்ஸ்பைரி 6-ந் தேதி. 4-ந் தேதி 21,884-ல முடிஞ்சது. புட்டோட உள்மதிப்பே 615-க்கு மேல. மார்ஜின் பத்தலைன்னு அன்னைக்கே புரோக்கர் வெட்டி விட்டுட்டாங்க. 6-ந் தேதி நிஃப்டி 22,821, அந்த புட் பூஜ்யம்! தீட்டா அவர் பக்கம்தான் இருந்துச்சு, தாங்கிப் பிடிக்கத்தான் பணம் இல்ல.

பவானிக்கரை: எக்ஸ்பைரி நெருங்கினா ஏடிஎம்-ல காமாவும் ஏறும், அதாவது நிஃப்டி கொஞ்சம் அசைஞ்சாலே ஆப்ஷனோட போக்கு சட்டுன்னு மாறும், கரைவு வேகத்துக்கு அதான் விலை. செபி 2024 அறிக்கையில, மூணு வருஷத்துல தனிநபர்கள் 100-க்கு 93 பேர் நஷ்டம். 2023-24-ல மட்டும் புரோக்கர்களோட சொந்தக் கணக்குகள் செலவு போறதுக்கு முன்னாடி 33,000 கோடி, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடி லாபம்.

செல்லர் சிங்கம்: அது முழுக்க தீட்டாவுல வந்ததா சார்?

பவானிக்கரை: அறிக்கை அப்படிப் பிரிச்சுச் சொல்லலை. பெரும்பகுதி அல்கோ, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம் வர்த்தகம், வழியா வந்ததுன்னு மட்டும் இருக்கு.

தறிக்காரன்: அப்ப சனி, ஞாயிறு கரைவை வெள்ளி சாயங்காலமே கழிச்சுடுறாங்களா, திங்கள் காலையிலயா?

கொங்கு மச்சான்: வெள்ளி மதியமே ஐவி இறங்குறதைப் பார்த்திருக்கேன்.

செல்லர் சிங்கம்: எனக்குத் திங்கள்தான் கிடைக்குது.