எழுத்தில் இருக்கிற போன் நம்பரை எண்ணாக்கிப் போட்ட அனுபவம் யாருக்காவது இருக்கா?

மண்ணடி கணக்கர்:
நான் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல பில் போடுற ஆளு. அமெரிக்காவில இருந்து பார்சல் அனுப்பினவர், சந்தேகம்னா 1-800-GO-FEDEX-க்குப் பேசுங்கன்னு மெயில் போட்டிருந்தார். என் மேசை போன்ல வெறும் எண்தான். செல்லுல டயல் பேடைத் திறந்து வச்சுக்கிட்டு, பேப்பர்ல எழுத்துக்குக் கீழ எண் எழுதினேன். G-க்கு 4, அடுத்து பூஜ்யம்னு போட்டுட்டேன். பக்கத்து சீட் பையன் எட்டிப் பாத்து, "அண்ணே, அது முட்டை இல்ல, ஓ"ன்னான். ஓ இருக்கிறது 6-ல. திருத்தினதும் 1-800-463-3339. செல்லுல அப்படியே போட்டா, "இந்த எண் உபயோகத்தில் இல்லை". எங்க தப்பு?

தண்டையார்பேட்டை தம்பி:
F, 3-ல மூணாவது எழுத்து அண்ணே. 3-ஐ மூணு தடவை அமுக்கணும். E-க்கு ரெண்டு. பட்டன் போன்ல மெசேஜ் அடிச்சவங்களுக்குத் தெரியும்.

வண்ணாரப்பேட்டை அக்கா:
786-ல முடியற நம்பர் எங்கப்பா கிடைக்கும்? தங்கச்சி கடை போர்டுக்கு வேணும்.

பழைய எக்ஸ்சேஞ்ச் ஆளு:
அக்கா, அது ஃபேன்சி நம்பர். இங்க பேச்சு வேற.

தம்பி, மெசேஜ்ல எந்த எழுத்துன்னு போனுக்குச் சொல்லணும், அதனால பல தடவை அமுக்கினோம். டயல் பண்ணும்போது எக்ஸ்சேஞ்சுக்கு எழுத்தே தெரியாது. பட்டன் எதுவோ அதான் எண். ஒரு எழுத்துக்கு ஒரே அமுக்கு. F, E, D, E நாலும் 3-லயே இருக்கு, அதனால 3333. கடைசி X 9-ல. கணக்கர் போட்டது சரிதான். 800-க்கு அப்புறம் ஏழு எண் வந்திருக்கா, அதுதான் சோதனை. வார்த்தை நீளமா இருந்தா ஏழோட நிறுத்திடுங்க, மிச்சம் அழகுக்கு.

தப்பு முன்னாடி இருக்கு. அந்த 1 அமெரிக்காவோட நாட்டு எண். 800 அவங்க இலவச எண். நீங்க பிளஸ் போடாம அடிச்சதால நம்ம நெட்வொர்க் 1800-ன்னு சேத்துப் படிச்சு, நம்ம ஊர் இலவச எண்ணுன்னு எடுத்துக்கிச்சு. நம்மளுதுலயும் 1800-க்கு அப்புறம் ஏழு இலக்கம் வர்ற எண்கள் உண்டு, அதனால அளவு கச்சிதமாப் பொருந்திடுச்சு. +1 800 463 3339-ன்னு போடுங்க.

ராயபுரம் மெக்கானிக்:
என்கிட்ட ஒரு பழைய வெளிநாட்டு போன் இருக்கு. அதுல Q-வும் Z-உம் இல்லவே இல்ல. அப்ப என்ன பண்றது?

பழைய எக்ஸ்சேஞ்ச் ஆளு:
அப்போ 7-ல PRS, 9-ல WXY மட்டும்தான். இப்ப Q 7-ல, Z 9-ல.

மண்ணடி கணக்கர்:
பிளஸ் போட்டேன். என் சிம்முல ஐ.எஸ்.டி. இல்லையாம். அங்க இலவசம்னா இங்கிருந்தும் காசு பிடிக்காதா?

பழைய எக்ஸ்சேஞ்ச் ஆளு:
அப்படி நம்பாதீங்க. கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், ஐ.எஸ்.டி. கட்டணம் பிடிக்கலாம், லைனே போகாமலும் இருக்கலாம்.

மண்ணடி கணக்கர்:
அப்ப முதலாளி செல்லுலதான் பண்ணணும். மத்தியானம் சாப்பிட்டு வரட்டும், கேட்டுப் பாக்கறேன்.