சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்த கதை (1500-ம் 1492-ம்)

திண்ணைவாசி

பழைய ரவுட்டர் சூடாகிச் சூடாகி அணைந்துகொண்டே இருந்ததால் புதியது வாங்கி நானே மாட்டினேன். யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டதும் இணைப்பு வந்தது. வேகச் சோதனையிலும் குறை இல்லை. சரி, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

அன்று இரவே வீட்டில் புகார். வீடியோ ஓடுகிறது, தேடுபொறி வருகிறது, வங்கித் தளமும் மகனின் கல்லூரித் தளமும் மட்டும் வெள்ளைப் பக்கமாக நிற்கின்றன. பிழைச் செய்தி எதுவும் இல்லை. பழைய லேப்டாப்பில் பிரவுசரின் கீழ் மூலையில் `Performing a TLS handshake to` என்று மட்டும் எழுதியிருக்கும், அது அப்படியே இருக்கும். இரண்டு நிமிடம் கழித்துக் கைவிட்டுவிடும். அதே தளம் மொபைல் டேட்டாவில் பட்டென்று திறக்கிறது. பிங் போட்டால் உடனே பதில் வருகிறது. டிஎன்எஸ் மாற்றினேன், பிரவுசர் குப்பையைத் துடைத்தேன், ரவுட்டரை நாலு முறை அணைத்துப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

நெட்வொர்க் வேலையில் இருக்கும் நண்பன் போனில் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னான்: "சின்ன பிங் வருவதை நம்பாதே. பெரிய பாக்கெட்டை, வழியில் யாரும் உடைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிப் பார்." விண்டோஸில் அதற்கு இப்படி:

```
ping -f -l 1472 example.com
```

(அந்தப் பெயருக்குப் பதிலாக, பெரிய பிங்குக்கும் பதில் சொல்லும் ஒரு தளத்தைப் போட வேண்டும்.) 1472-க்கு `Request timed out`. 1400-க்குப் பதில் வந்தது. அப்புறம் பாதி பாதியாக நெருங்கினேன். 1436 வந்தது, 1454 வந்தது, 1463 வந்தது. 1467 வரவில்லை, 1465 வரவில்லை. 1464 வந்தது. அதோடு தலைப்புகளுக்காக 28 சேர்த்தால் 1492.

ரவுட்டர் பக்கத்தைத் திறந்தால் இணைப்பு வகை `PPPoE`, அதன் கீழே ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவைச் சொல்லும் `MTU` கட்டத்தில் 1500. அதைப் போட்டது வேறு யாருமல்ல, நான்தான். 1492 என்று இருந்ததைப் பார்த்து, "1500-தானே முழு அளவு, ஏன் குறைத்து வைத்திருக்கிறார்கள்" என்று மாட்டும்போதே திருத்தியிருக்கிறேன். திரும்ப 1492 போட்டுச் சேமித்த நிமிடமே வங்கித் தளம் திறந்தது.

எனக்கு இன்னும் புரியாதது ஒன்றுதான். அளவு தப்பு என்றால் எல்லாத் தளமும் நின்றிருக்க வேண்டாமா? ஏன் சில மட்டும்?

கருவேலன்

எனக்கும் இதே அனுபவம். இது எம்டியு பிரச்சினைதான், சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் எதற்கு 28 எல்லாம் கூட்டினீர்கள்? பிங்கில் கடைசியாக எது போனதோ அதையே ரவுட்டரில் போட வேண்டும். எனக்கு 1464 வந்தது, 1464 போட்டேன், மூன்று வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை.

மணல்வீடு

எம்டியுவைக் குறைத்தால் வேகம் போய்விடுமே! நான் வீட்டில் 9000 வைத்திருக்கிறேன். ஜம்போ ஃப்ரேம். லேப்டாப், ஃபைல் சேமிக்கும் பெட்டி இரண்டிலும் போட்டாயிற்று. வேகம் பறக்கும் என்று சொன்னார்கள். ஆனால் ஃபோல்டர் திறக்கிறது, ஃபைல் பெயர்கள் தெரிகின்றன, பெரிய ஃபைலை இழுத்தால் மட்டும் 0% என்று நிற்கிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து ஒன்றை மாற்றியும் பார்த்துவிட்டேன்.

நூல்கண்டு

மணல்வீடு, உங்களுக்கு நடப்பது வேகப் பிரச்சினை அல்ல, திண்ணைவாசிக்கு நடந்ததேதான். இரண்டு முனையிலும் 9000 போட்டீர்கள், நடுவில் இருக்கும் ஸ்விட்சைப் பார்த்தீர்களா? அது ஜம்போவை ஏற்காதது என்றால் பெரிய ஃப்ரேமைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். ஃபோல்டர் பட்டியல் சின்னது, போய்விடும். ஃபைல் பெரியது, போகாது. லேப்டாப்பிலிருந்து பெட்டிக்கு `ping -f -l 8972` போட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் எல்லாவற்றையும் 1500-க்கே திருப்பிவிடுங்கள். டிஸ்க்கை விட்டுவிடுங்கள் பாவம்.

திண்ணைவாசி கேட்டதற்கு வருகிறேன். உங்கள் லேப்டாப்பிலிருந்து வெளியே போகும் பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட். `PPPoE` அதன் மேல் 8 பைட் உறை ஒன்றைப் போடுகிறது. வழியில் உள்ள ஈதர்நெட் 1500-ஐத்தான் ஏற்கும் என்றால் உள்ளே 1492-க்குத்தான் இடம். ரவுட்டருக்கு இது தெரிந்திருந்தால் பெரும்பாலும் ஒரு நல்ல வேலை செய்யும். டிசிபி இணைப்பு தொடங்கும்போது இரு தரப்பும் "எனக்கு ஒரு துண்டில் இவ்வளவு அனுப்பு" என்று ஒரு எண் சொல்லிக்கொள்வார்கள், அதுதான் எம்எஸ்எஸ். உங்கள் லேப்டாப் 1460 என்று சொல்லும், ரவுட்டர் வழியிலேயே அதை 1452 என்று திருத்திவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது, எல்லாம் ஓடும். நீங்கள் 1500 என்று போட்டதும் ரவுட்டர் அதை நம்பி, திருத்துவதை நிறுத்திவிட்டது.

இப்போது வங்கியின் சர்வர் 1500 பைட் பாக்கெட்டை, உடைக்கக் கூடாது என்ற குறியோடு அனுப்புகிறது. அது உங்கள் இணைய நிறுவனத்தின் பக்கம் வரை வந்து, உள்ளே நுழைய முடியாமல் விழுகிறது. விழும் இடத்திலிருந்து "இது பெரிது, 1492-ல் அனுப்பு" என்று ஐசிஎம்பி செய்தி ஒன்று சர்வருக்குத் திரும்பிப் போகும். அதைக் கேட்கும் சர்வர் குறைத்து அனுப்பும், தளம் திறக்கும், நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். ஆனால் சில இடங்களில் ஐசிஎம்பி என்றாலே ஆபத்து என்று ஃபயர்வாலில் மொத்தமாக அடைத்து வைத்திருப்பார்கள். சர்வருக்குச் செய்தி எட்டாது. அதே 1500-ஐத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் பட்டியலில் நின்ற தளங்கள் அநேகமாக இந்த ரகம்.

பெரிய வீடியோத் தளங்களுக்கும் தேடுபொறிக்கும் வேறு வசதி இருக்கிறது. பல இடங்களில் டிசிபியை விட்டு குவிக் நெறிமுறையில் போகின்றன, அதில் பாக்கெட் தொடக்கத்திலேயே சிறியது. இன்னும் சிலர் எம்எஸ்எஸ்ஸையே குறைத்துச் சொல்வார்கள்.

கருவேலன், உங்களுக்கு வேலை செய்ததில் ஆச்சரியமில்லை, ஏனென்றால் 1464 என்பது 1492-ஐ விடச் சிறியது. ஆனால் `-l`-க்குப் பின் வரும் எண் உள்ளே வைக்கும் சரக்கு மட்டும். ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8. அந்த 28-ஐச் சேர்த்தால்தான் பாக்கெட். நீங்கள் மூன்று வருடமாக ஒவ்வொரு பாக்கெட்டிலும் 28 பைட் இடத்தைக் காலியாக விட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பெரிய நஷ்டம் இல்லை.

கருவேலன்

அட. சரி அக்கா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாற்றப் போவதில்லை, ஓடுவதைத் தொடக்கூடாது.

அரைத்தூக்கம்

எனக்கு ரவுட்டரில் இல்லை, விபிஎன்னில் வந்தது. வீட்டிலிருந்து அலுவலக சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் போடுவேன். உள்ளே நுழையும், கட்டளை எழுதினால் எழுத்து வரும், `pwd` போட்டால் பதில் வரும். நிறைய ஃபைல் உள்ள இடத்தில் `ls -la` போட்டால் திரை அப்படியே உறைந்துவிடும். ஃபைல் ஐந்தாறு உள்ள இடத்தில் அதே கட்டளை நன்றாக ஓடும். சர்வர் மெதுவாக இருக்கிறது என்று அங்குள்ளவர்களோடு ஒரு வாரம் சண்டை.

கடைசியில் வயர்ஷார்க் ஓட்டினேன். அதில் பார்த்ததை மறக்க மாட்டேன். சர்வர் 3600 பைட் அனுப்பியிருந்தது. முதல் 1368 வரவில்லை, அடுத்த 1368-ம் வரவில்லை, கடைசி 864 மட்டும் வந்து நின்றது. தலையும் உடம்பும் இல்லாமல் வால் மட்டும் வீடு வந்து சேர்ந்தது மாதிரி. என் லேப்டாப் "முதல் பைட்டிலிருந்தே வேண்டும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தது, சர்வர் அதே 1368-ஐ ஒரு நொடி, இரண்டு நொடி, நாலு நொடி என்று இடைவெளி விட்டு அனுப்பிக்கொண்டே இருந்தது. லினக்ஸில் இப்படிக் குறைத்ததும் உறைவது நின்றது:

```
sudo ip link set dev wg0 mtu 1380
```

1380 கணக்குப் போட்டு எடுத்ததில்லை, 1420-ல் உறைந்தது, குறைத்துப் பார்த்தேன்.

நூல்கண்டு

அந்த வால்தான் முக்கியமான அடையாளம். சாதாரணமாக லைன் மோசம் என்றால் பெரியதும் சிறியதும் கலந்து தொலையும். இங்கே பெரியது ஒவ்வொரு முறையும் தொலையும், சிறியது ஒவ்வொரு முறையும் வரும். 1420 என்பது உங்கள் வயர்கார்டு விபிஎன்னின் வழக்கமான எண், அடியில் 1500 இருக்கிறது என்று நம்பிப் போட்டது. ஐபி பதிப்பு ஆறில் அதன் உறை 80 பைட், பதிப்பு நாலில் 60. உங்கள் வீட்டு இணைப்பும் `PPPoE` என்றால் அடியில் 1492-தான், அப்போது நாலில் 1432 வரை போகும், ஆறில் 1412. இது சரியா என்று `tracepath` ஓட்டிப் பாருங்கள், எந்த இடத்தில் அளவு சுருங்குகிறது என்று சொல்லும். செய்தி அடைபட்ட வழியாக இருந்தால் அதுவும் ஊமையாகிவிடும்.

திண்ணைவாசி சோதித்ததில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவருக்கு வந்தது `Request timed out`. இப்போது 1492 போட்ட பிறகு அதே 1472-ஐ அனுப்பினால் ரவுட்டர் முகவரியிலிருந்தே `Packet needs to be fragmented but DF set` என்று பதில் வரும். இரண்டும் தோல்விதான், ஆனால் இரண்டாவதில் யாரோ வாய் திறந்து சொல்கிறார்கள், அதனால் ஆபத்தில்லை. மௌனம்தான் தொல்லை. அப்புறம், சோதனையை ரவுட்டர் முகவரிக்கே போட்டுவிட்டு "1472 போகிறதே" என்று நிம்மதி அடையாதீர்கள், அது வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும் பயணம். வெளியே இரண்டு இடத்துக்காவது போடுங்கள், சில சர்வர்கள் பெரிய பிங்குக்கு எப்போதுமே பதில் சொல்லாது.

எல்லோரும் 1492 போட வேண்டும் என்றும் இல்லை. `PPPoE`-யிலேயே 1500-ஐ முழுதாகக் கொடுக்கும் இணைப்புகள் உண்டு. எதிர்முனை சொல்லும் அளவைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் ரவுட்டர்களும் உண்டு, அவற்றில் நீங்கள் 1500 போட்டாலும் ஒன்றும் கெடாது.

மணல்வீடு

8972 போட்டேன், மௌனம். 1472 போட்டேன், பதில். நீங்கள் சொன்ன ஸ்விட்ச்தான், பெட்டிக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தது, இருப்பதே மறந்துபோயிற்று. 1500-க்குத் திருப்பிவிட்டேன், ஃபைல் போகிறது. வேகம் முன்பு பறந்ததாக நினைத்ததெல்லாம் பிரமைதான் போலிருக்கிறது.

ஆனால் ஒரு கேள்வி. என் தம்பி வீட்டில் ஒரே தளம் ஒரு பிரவுசரில் திறக்கிறது, இன்னொன்றில் சுற்றுகிறது. அதுவும் இதுதானா?

நூல்கண்டு

இருக்கலாம், உறுதியாகச் சொல்ல மாட்டேன். புதிய பிரவுசர்கள் குவாண்டம் கணினியைத் தாங்கும் சாவியைச் சேர்த்து அனுப்புவதால், அவை சொல்லும் முதல் வணக்கமே ஒரு பாக்கெட்டில் அடங்குவதில்லை. பழைய பிரவுசரின் வணக்கம் சின்னது. வெளியே போகும் பக்கம் அளவு தப்பாக இருந்தால் ஒன்று மாட்டும், மற்றது தப்பிக்கும். ஆனால் இந்தப் பெரிய வணக்கத்தைச் சரியாகப் படிக்கத் தெரியாத சர்வர்களும் உண்டு, அங்கேயும் இதே காட்சிதான். தம்பியை முதலில் பிங் போடச் சொல்லுங்கள்.

திண்ணைவாசி

இப்போது யோசித்தால் ஞாபகம் வருகிறது, அந்த வாரம் முழுக்க படம் ஏற்றினால் பாதியில் நின்றுகொண்டே இருந்தது. நான் அதைத் தனிப் பிரச்சினை என்று வேறு கணக்கில் வைத்திருந்தேன்.

இன்று 1472 போட்டுப் பார்த்தேன், ரவுட்டரே பதில் சொல்கிறது. எல்லாம் நலம், ஒன்றைத் தவிர. கல்லூரித் தளத்தில் மதிப்பெண் பட்டியல் பக்கம் மட்டும், மகன் விபிஎன் போட்டிருக்கும்போது, இன்னும் சுற்றுகிறது. அவன் விபிஎன்னில் 1280 போட்டான், திறந்தது. 1300-லும் திறந்தது. 1320-ல் ஒரு முறை திறந்தது, அடுத்த முறை இல்லை. இந்த ஒருமுறை வருவதும் மறுமுறை போவதும் எதனால் என்று யாருக்காவது பிடிபடுகிறதா?