புதுப்பிப்பு: ஆடிட்டர் ஏற்காத ஏஜிங்

நான் கேட்டது: "வாராக்கடனுக்கான ஒதுக்கீட்டுக் கணக்கு சரியாகத்தான் வருகிறது, ஆடிட்டர் மட்டும் வாடிக்கையாளர் நிலுவையை வயதுவாரியாகக் கட்டம் பிரித்த ஏஜிங்கை ஏன் ஏற்க மாட்டேன் என்கிறார்?"

எல்லோருக்கும் நன்றி. "பில்லை டெலிவரி சலானோடு ஒப்பிடுங்கள்" என்று அண்ணன் ஒருவர் சொன்னதுதான் பலித்தது. ஆடிட்டரும் சாம்பிள் பில்களில் அதைத்தான் செய்திருக்கிறார். ஒரு வாடிக்கையாளரின் பழைய பில்களுக்குக் கிரெடிட் நோட் போட்டு, மார்ச்சில் புது பில் போட்டிருந்தோம். ஒரு வருடம் தாண்டிய 18 லட்சம், தவணை தாண்டாத கட்டத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது! 1% வீதம் 18,000 ஒதுக்கியது, ஒரு வருடம் தாண்டிய கட்டத்துக்கு மாற்றி 40% ஆனதும் 7,20,000.

எதிர்பாராதது: முந்தைய வருடங்களிலும் இதே மறுபில் பழக்கம். ஒதுக்கீட்டுச் சதவீதத்துக்கு அடிப்படையான, நிலுவை கட்டம்விட்டுக் கட்டம் நகர்ந்த விகிதமே கெட்டிருந்தது. திருத்தியதும் 40% என்பது 46% ஆனது. ஆக, சதவீதத்தைக் கூட்டச் சொன்னவரும் பாதி சரி.

வரும் ஆண்டுச் சந்தை நிலவரத்துக்காக எவ்வளவு கூட்டுவது என்பதில் இன்னும் இழுபறிதான்.