ஒகேனக்கல் கல்: ஜக்கில் 120 மில்லியா, 130 மில்லியா?

பாலக்கோடு அப்பா
ஒகேனக்கல் போனபோது ஆற்றோரத்தில் என் பெண் ஒரு கறுப்புக் கல்லைப் பொறுக்கி வந்தாள். உள்ளங்கையில் அடங்கும், ஆனால் எந்தப் பக்கமும் ஒழுங்கான வடிவம் கிடையாது. இதன் கன அளவு எவ்வளவு என்று கேட்டாள். சமையல் ஜக்கில் 500 கோடு வரை தண்ணீர் ஊற்றி, கல்லை நூலில் கட்டி இறக்கினோம். தண்ணீர் 600-க்கும் 650-க்கும் நடுவில் நின்றது. அவள் 620 என்கிறாள், நான் 630 என்கிறேன். கல்லின் எடை 342 கிராம். 120 மில்லி என்றால் அடர்த்தி 2.85, 130 என்றால் 2.63. வீட்டில் இப்படி அளந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

காவேரிப்பட்டணம் பெரியவர்
ஜக்கையே விடுங்கள் தம்பி. சொம்பில் விளிம்பு தளும்பத் தண்ணீர், கீழே ஒரு தட்டு. கல்லைப் போட்டால் வழிவதுதான் கன அளவு. நாங்கள் படித்த காலத்தில் அப்படித்தான். தகராறே வராது.

பர்கூர் லேப் அக்கா
ஐயா சொல்வது சரியான முறைதான், ஆனால் சொம்பில் செய்தால் தகராறு வரும். தண்ணீர் விளிம்புக்கு மேலே கொஞ்சம் உப்பிக்கொண்டு நிற்கும், அப்புறம் திடீரென்று வழியும். வழிந்ததில் பாதி சொம்பின் வெளிப்பக்கமே ஒட்டிக்கொள்ளும். லேப்பில் அதற்கென்று மூக்கு வைத்த பாத்திரம் உண்டு.

பாலக்கோடு அண்ணா, உங்கள் ஜக்கின் வாய் 11 செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிக்குத் தண்ணீர் ஒரு மில்லிமீட்டர்தான் ஏறும். அதில் அப்பாவும் பெண்ணும் சண்டை போடாமல் என்ன செய்வீர்கள்! முதலில் 500 என்று நிறுத்தினீர்களே, அதிலும் இதே சந்தேகம் இருக்கிறது.

சமையலறைத் தராசு இருக்கிறதல்லவா? ஜக்கைத் தண்ணீரோடு தராசில் வைத்து, பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் பிடித்தபடியே தண்ணீருக்குள் முழுக்க இறக்குங்கள். அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. தண்ணீர் கல்லை மேலே தள்ளுகிறது, கல் அதே அளவுக்குத் தண்ணீரைக் கீழே அழுத்துகிறது. அந்த அழுத்தம், கல் விலக்கிய தண்ணீரின் எடைக்குச் சமம். தண்ணீர் ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி. ஆகவே தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, மில்லியில். கோட்டைப் பார்க்கவே வேண்டாம். கல் அடியில் பட்டால் எண் சட்டென்று ஏறும், நூல் தளர்ந்துவிட்டால் 342-க்கே போய்விடும். அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

பாலக்கோடு அப்பா
எங்கள் போர் தண்ணீர் உப்பு, அக்கா. பரவாயில்லையா?

பர்கூர் லேப் அக்கா
லிட்டருக்கு இரண்டு கிராம் உப்பு கரைந்திருந்தால்கூட உங்கள் கல்லில் கால் மில்லிதான் மாறும். தராசுக்கே அது தெரியாது. கல்லில் ஒட்டும் குமிழிகளைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீருக்குள்ளேயே ஒருமுறை ஆட்டிவிடுங்கள்.

பாலக்கோடு அப்பா
செய்தாயிற்று. 117 காட்டியது. வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி இறக்கினோம், 117, அப்புறம் 118. 342-ஐ 117-ஆல் வகுத்தால் 2.92. பெண் சொன்னதுதான் பக்கத்தில் இருக்கிறது, இனி வீட்டில் என் பேச்சு எடுபடாது.

கிருஷ்ணகிரி பாலிஷ் பட்டறை
2.92 என்றால் நாங்கள் பிளாக் கிரானைட் என்று விற்கிற ரகத்தோடு ஒத்துப்போகிறது. கனமீட்டருக்கு மூன்று டன் பக்கம் வரும். சிவப்பு, சாம்பல் கலர் கல் என்றால் 2.7 டன்னை ஒட்டி நிற்கும். ஆனால் அடர்த்தியை மட்டும் வைத்து இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். உடைத்துப் பார்த்தால் தெரியும், உங்கள் பெண் விட மாட்டாள்.

தேன்கனிக்கோட்டை விவசாயி
எங்கள் கொல்லையில் ஏர் ஓட்டும்போது ஒரு கறுப்புக் கல் கிடைத்தது, மேலெல்லாம் ஓட்டை. காந்தம் ஒட்டுகிறது. அக்கா சொன்ன மாதிரி அளந்தேன். எடை 510 கிராம், தண்ணீரில் 170. அடர்த்தி 3. விண்கல்தானே? எங்கே விற்கலாம்?

பர்கூர் லேப் அக்கா
இரும்பு விண்கல் என்றால் 7-க்கு மேல் வர வேண்டும். கல் வகை விண்கற்கள் 3-இலிருந்து 4-க்குள் இருக்கும், ஆனால் அவற்றில் இப்படி ஓட்டை பொதுவாக இருக்காது. அந்த ஓட்டைக்குள் காற்று சிக்கியிருந்தால் 170 என்பதே கூடுதல், உண்மையான அடர்த்தி 3-க்கு மேலே இருக்கும். ஒரு ராத்திரி ஜக்குத் தண்ணீரிலேயே ஊறவிடுங்கள். குமிழி நின்றபின், கல் அடியில் கிடக்கும்போதே தராசைப் பூஜ்யமாக்கி, கல்லைத் தண்ணீருக்கு வெளியே எடுக்காமல் நூலில் தூக்கிப் பிடியுங்கள். தராசு எத்தனை கிராம் குறைகிறதோ, அதை 510-இலிருந்து கழித்தால் கன அளவு. எடைக்குப் பழைய 510-ஐயே வையுங்கள், ஊறிய கல்லை நிறுக்காதீர்கள்.

காவேரிப்பட்டணம் பெரியவர்
அந்தப் பக்கம் பழைய காலத்தில் இரும்பு உருக்கியிருப்பார்கள். அந்தக் கிட்டமாக இருக்கும்.

தேன்கனிக்கோட்டை விவசாயி
ஐயா, கிட்டம் இவ்வளவு கனக்குமா? ஊறப் போட்டிருக்கிறேன். இன்னும் குமிழி வந்துகொண்டே இருக்கிறது.