வெள்ளவத்தையில் ஒரு வருட வாடகை: புரோக்கர் டைப் பண்ணிய ஒப்பந்தம் போதுமா?

சுதா06
வணக்கம். இரண்டு அறை வீடு, மாதம் 80,000, ஒரு வருடம். ஆறு மாத அட்வான்ஸ் 480,000 கேட்கிறார்கள். வீட்டைக் காட்டவே புரோக்கர் 2,000 வாங்கினார், இனி ஒரு மாத வாடகை கமிஷனாம். வீட்டுக்காரர் லண்டனில், அவருடைய தம்பிதான் கையெழுத்து வைப்பார். நொத்தாரிசு வீண் செலவு என்று புரோக்கர் தானே ஒப்பந்தத்தை டைப் பண்ணி வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காசு கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

ரமணன்
11 மாதத்துக்கு எழுதுங்கள், நொத்தாரிசு தேவையே இல்லை. அட்வான்ஸை மட்டும் புரோக்கர் கையில் கொடுக்காதீர்கள்.

தெஹிவளை மாலா
3 வீதம் கேட்டால் கொடுக்காதீர்கள் தங்கச்சி. என் காணியை விற்றபோது இரண்டு புரோக்கர்மார் வந்து ஆளுக்கு ஆள் கேட்டார்கள், இன்னும் சண்டைதான்.

சுதா06
அக்கா, நான் விற்கவில்லை, வாடகைக்குப் போகிறேன் 🙂

புதுக்கடை கிளார்க்
ரமணன் தம்பி, 11 மாதக் கதை இந்தியாவில். இங்கே 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தத்தில் "ஒரு வருடம்" என்று எழுதியிருந்தாலும் அது குத்தகையாகச் செல்லாது. வாடகை கட்டி இருந்தால் மாத வாடகைக்காரராகத்தான் பார்ப்பார்கள், மூன்றாம் மாதம் எழும்பச் சொன்னால் அந்தத் தாளைக் காட்டி வருடக் கணக்குப் பேச முடியாது. காசு கொடுத்ததற்குச் சாட்சியாக அது உதவும், அவ்வளவுதான். அட்வான்ஸ் பற்றி நீங்கள் சொன்னது சரி.

சுதா, உங்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி தம்பியின் கையெழுத்து. அண்ணன் கொடுத்த அற்றோர்ணித் தத்துவத்தைக் கேளுங்கள். பதிவு செய்ததாக இருக்க வேண்டும், இந்த வீட்டைக் குத்தகைக்குக் கொடுக்கவும் பணம் வாங்கவும் அதிகாரம் என்று அதில் இருக்க வேண்டும். காணியைப் பராமரிக்க மட்டும் கொடுத்த தத்துவத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்களை எங்கள் கந்தோரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் உறுதியின் பிரதியையும் சோலைவரி ரசீதையும் பக்கத்தில் வைத்து, பெயரும் இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். கரண்ட் பில் பழைய வாடகைக்காரர் பெயரிலும் இருக்கும், அதை நம்ப வேண்டாம்.

சுதா06
கமிஷனும் அந்த 2,000மும்?

புதுக்கடை கிளார்க்
அதெல்லாம் பேச்சு. ஒரு வருட வாடகைக்கு அரை மாதமோ ஒரு மாதமோ கேட்பார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள், 2,000ஐக் கழிக்கச் சொல்லுங்கள். மறுத்தாலும் மறுப்பார்.

ரமணன்
நொத்தாரிசு செலவு யாருக்கு?

புதுக்கடை கிளார்க்
பெரும்பாலும் வாடகைக்காரர் தலையில். பாதி பாதி என்று பேசியும் பார்த்திருக்கிறேன். முத்திரை வரியும் சேரும், அதற்குத்தான் சில வீட்டுக்காரர்கள் பின்வாங்குவது.

சுதா06
கேட்டேன். தம்பி தத்துவத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினார், முதல் பக்கம் மட்டும். முழுப் பிரதி வந்தால்தான் காசு என்று சொல்லிவிட்டேன். புரோக்கர் வேறு ஆட்கள் வீடு பார்க்க வருகிறார்கள் என்கிறார்.

புதுக்கடை கிளார்க்
வரட்டும். இரண்டாம் பக்கத்தில்தான் அதிகாரம் எழுதியிருக்கும்.